10⁻³ மில்லிபாரில் அலுமினிய அணு மோதாமல் கண்ணாடியைச் சேருமா?

கேள்வி: வெற்றிடக் கலத்தில் கண்ணாடி மேல் அலுமினியப் பூச்சு போடுகிறோம். கேஜ் 10⁻³ மில்லிபார் காட்டுகிறது, வெப்பநிலை 27 டிகிரி. ஆவியாகும் இடத்திலிருந்து கண்ணாடி 25 செ.மீ. தள்ளி இருக்கிறது. கலத்தில் மிச்சமிருப்பது நைட்ரஜன் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் சராசரி மோதலிடைத் தூரம் 6.8 மீட்டர் வருகிறது. அப்படியானால் அணுக்கள் எதிலும் மோதாமல் வந்து சேர வேண்டும். ஆனால் பூச்சு மங்கலாகவும் கறுத்தும் வருகிறதே? ஒரு மூலக்கூறு நொடிக்கு எத்தனை முறை மோதும் என்பதை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: உங்கள் சூத்திரம் சரிதான், அழுத்தத்தின் அலகுதான் வழுக்கிவிட்டது. சூத்திரம் இது:

λ = kT / (√2 π d² p)

இதில் λ சராசரி மோதலிடைத் தூரம், k போல்ட்ஸ்மான் மாறிலி, T வெப்பநிலை, d மூலக்கூறின் மோதல் விட்டம், p அழுத்தம். எல்லாமே எஸ்.ஐ. அலகில் இருக்க வேண்டும், அதாவது அழுத்தம் பாஸ்கலில். ஒரு மில்லிபார் 100 பாஸ்கல் என்பதால் உங்கள் 10⁻³ மில்லிபார் 0.1 பாஸ்கல் ஆகிறது. 6.8 மீட்டர் என்ற விடை 0.001 என்ற எண்ணை அப்படியே பாஸ்கலாக எடுத்தால்தான் வரும். விடை சரியாக 100 மடங்கு விலகி நின்றால் முதலில் அலகைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சரி, மறுபடி போட்டுப் பார்ப்போம். 27 டிகிரி என்பது 300 கெல்வின், அதில் kT சுமார் 4.14 × 10⁻²¹ ஜூல். நைட்ரஜன் மூலக்கூறின் மோதல் விட்டம் d-ஐ 3.7 × 10⁻¹⁰ மீட்டர் என எடுத்தால் √2 π d² ஏறக்குறைய 6.08 × 10⁻¹⁹ சதுர மீட்டர். இதை 0.1 பாஸ்கலால் பெருக்கி kT-ஐ வகுத்தால் λ = 0.068 மீட்டர். உங்கள் 6.8 மீட்டர், உண்மையில் 6.8 சென்டிமீட்டர். கணக்கைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. இதே எண்களோடு வளிமண்டல அழுத்தமான 1,01,325 பாஸ்கலைப் போட்டால் சுமார் 67 நானோமீட்டர் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிசகியிருக்கிறது.

அந்த √2 ஏன் என்று பலர் கேட்பார்கள். மோதப்போகும் மற்ற மூலக்கூறுகளும் நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒன்றையொன்று பார்க்கும் சார்பு வேகம் சராசரியாக √2 மடங்கு கூடுகிறது. கிளாசியஸ் முதலில் எல்லா மூலக்கூறுகளுக்கும் ஒரே வேகம் என்று கொண்டு 4/3 என்றார். வேகங்களின் பரவலைச் சேர்த்து √2 என்று திருத்தியவர் மாக்ஸ்வெல்.

மோதல் அதிர்வெண்ணுக்குச் சராசரி வேகம் v̄ வேண்டும். மூலக்கூறின் நிறை m என்றால் அது √(8kT/πm), 300 கெல்வினில் நைட்ரஜனுக்கு நொடிக்கு 476 மீட்டர். இதை λ-ஆல் வகுத்தால் 476 ÷ 0.068, அதாவது ஒரு மூலக்கூறுக்கு நொடிக்குச் சுமார் 7,000 மோதல்கள். வளிமண்டல அழுத்தத்தில் இதுவே சுமார் 700 கோடி. ஒரு கன மீட்டரில் நடக்கும் மொத்த மோதல்கள் வேண்டுமானால் இதை மூலக்கூறுகளின் எண் அடர்த்தியால் பெருக்கி, அப்புறம் இரண்டால் வகுக்க வேண்டும். ஒவ்வொரு மோதலிலும் இருவர் பங்கெடுப்பதால் வகுக்காவிட்டால் ஒரே மோதலை இரண்டு முறை எண்ணிவிடுவோம்.

இப்போது உங்கள் பூச்சுக்கு வருவோம். x தூரம் மோதாமல் கடப்பவர்களின் பங்கு e^(−x/λ). x 25 செ.மீ., λ 6.8 செ.மீ. என்றால் அது சுமார் 0.025. நாற்பதில் ஒரு அணுதான் நேராக வந்து சேருகிறது. மற்றவை வழியில் ஆற்றல் இழந்து, திசை மாறி வருகின்றன, அல்லது சுவரில் படிகின்றன. ஒரு திருத்தம் சொல்ல வேண்டும்: அலுமினிய அணு நைட்ரஜன் மூலக்கூறு அல்ல, அதன் விட்டமும் வேறு, சூடாக வருவதால் வேகமும் அதிகம். வேகம் அதிகமாவதால் √2 இருந்த இடத்தில் 1-ஐச் சற்றே தாண்டும் எண் வந்து λ கொஞ்சம் நீளும். ஆனாலும் அது சில சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும், முடிவு மாறாது.

அழுத்தத்தை 10⁻⁴ மில்லிபாருக்கு இறக்கினால் λ 68 செ.மீ. ஆகும், சுமார் 70 சதவீதம் நேராக வந்துவிடும். அதோடு பூச்சு பளபளக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பலர் இங்கேதான் நிறுத்திவிட்டு ஏமாறுகிறார்கள். கறுப்பதற்குப் பெரிய காரணம் வழியில் நடக்கும் மோதலைவிடக் கண்ணாடியின் பரப்பில் நடக்கும் மோதல். ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு விழும் வாயு மூலக்கூறுகள் ¼ n v̄. உங்கள் 10⁻³ மில்லிபாரில் எண் அடர்த்தி n சுமார் 2.4 × 10¹⁹, எனவே அது 2.9 × 10²¹ ஆகிறது. ஒரு அணு அடுக்குக்கு ஒரு சதுர மீட்டரில் 10¹⁹ இடங்கள் என்று வைத்தால், ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 290 அடுக்கு அளவு வாயு பூச்சின் மேல் வந்து விழுகிறது. அலுமினியம் நொடிக்கு 2 நானோமீட்டர் வேகத்தில் படிந்தால் அது இதே கணக்கில் சுமார் பன்னிரண்டு அடுக்குதான். நைட்ரஜன் பெரும்பாலும் தெறித்துப் போய்விடும், ஆனால் மிச்ச வாயுவில் உள்ள நீராவியும் ஆக்சிஜனும் புது அலுமினியத்தோடு உடனே சேரும். சரியாகச் சூடேற்றி எடுக்காத கலத்தில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் நீராவிதான்.

10⁻⁵ மில்லிபாரில் விழும் வாயு நொடிக்கு மூன்று அடுக்கு அளவுக்கு இறங்கும். அங்கே λ 6.8 மீட்டர், நீங்கள் முதலில் எதிர்பார்த்த நிலைமை. அதனால் என் ஆலோசனை, குறைந்தது 10⁻⁵-க்கு இறக்கிவிட்டு, படியும் வேகத்தைக் கூட்டுங்கள். இறங்க மறுத்தால் கசிவா, சுவரிலிருந்து வெளியேறும் நீராவியா என்று பாருங்கள். பம்பு வால்வை மூடி அழுத்தம் ஏறுவதைக் கவனித்தால் தெரிந்துவிடும். கசிவு என்றால் ஒரே சீராக ஏறிக்கொண்டே போகும், நீராவி என்றால் ஏறும் வேகம் குறைந்துகொண்டே வந்து தேங்கும்.

10⁻⁵-இல் உங்கள் கலத்தின் அகலம் 40 செ.மீ. என்றால், ஒரு மூலக்கூறு நொடிக்கு எழுபது முறை மற்றொன்றோடு மோதும். சுவரிலோ ஆயிரம் முறைக்கு மேல் முட்டும். அதனால் அந்த நிலையில் 6.8 மீட்டர் என்பது கலத்துக்குள் யாரும் நேராகக் கடக்கும் தூரம் அல்ல, வாயு எவ்வளவு அரிது என்பதன் அளவு.

வெப்பநிலை பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பூச்சின்போது கலம் சூடாகும். பம்பு ஓடி அழுத்தம் மாறாமல் இருந்தால், 300-லிருந்து 400 கெல்வினுக்குப் போகும்போது λ 9.1 செ.மீ. ஆகும், மோதல் 7,000-லிருந்து சுமார் 6,050 ஆகக் குறையும். வால்வை மூடிச் சூடேற்றினால் எண் அடர்த்தி மாறாது, எனவே λ 6.8-லேயே நிற்கும், மோதல் 8,000-ஐத் தாண்டும். எது மாறாமல் இருக்கிறது என்று தெரியாமல் T-ஐ மட்டும் மாற்றிப் போட்டால் விடை தவறிவிடும்.

கடைசியாக உங்கள் கேஜ். அது வெப்பக் கடத்தலை அளக்கும் பிரானி வகை என்றால், அது பெரும்பாலும் நைட்ரஜனுக்காக அளவிடப்பட்டது. கலத்தில் ஆர்கான் விட்டிருந்தால் உண்மையைவிடக் குறைவாகவும், ஹீலியம் என்றால் அதிகமாகவும் காட்டும். p-இல் வரும் பிழை அப்படியே λ-விலும் வரும். 10⁻³-க்குக் கீழே பிரானியின் நம்பகத்தன்மை வேகமாகக் குறைவதால், இன்னும் இறக்கப் போகிறீர்கள் என்றால் அயனி கேஜ் ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள்.