பார்த்துக் கற்பதும் பிரதி எடுப்பதும்

கேள்வி: பல ஆண்டுகளாக என் ஓவியங்களை இணையத்தில் வெளியிட்டு வருகிறேன். அவற்றில் நாற்பது, படம் வரையும் ஏஐ மாதிரிகளைப் பயிற்றுவிக்கத் திரட்டிய ஒரு தொகுப்பில் இருக்கின்றன. என்னை யாரும் கேட்கவில்லை. "நீயும் பிறர் ஓவியங்களைப் பார்த்துத்தானே கற்றாய்?" என்கிறார் நண்பர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இது திருட்டா, இல்லையா?

பதில்: உங்கள் நண்பரின் வாதம் வலுவானது. பதிப்புரிமை ஓவியத்தைக் காக்கும், பாணியைக் காக்காது. உங்கள் கோட்டின் வளைவைப் பார்த்து இன்னொருவர் அதே போல வரைந்தால் சட்டம் தடுக்காது. ஏஐ நிறுவனங்கள் இதோடு ஒரு கணக்கையும் சேர்த்துச் சொல்கின்றன. 2022இல் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் மாதிரியின் கோப்பு சுமார் 4 ஜிபி. அது பயின்ற படங்களோ 200 கோடிக்கு மேல். ஒரு படத்துக்கு இரண்டு பைட்டுகூடத் தேறாது. அந்த இடத்தில் ஓர் ஓவியத்தை எப்படி ஒளித்து வைக்க முடியும்?

இந்தக் கணக்கு சரி, ஆனால் அது சராசரிக் கணக்கு. 2023இல் ஆய்வாளர்கள் பயிற்சித் தொகுப்பில் மிக அதிகமாகத் திரும்பத் திரும்ப வந்த 3.5 லட்சம் படங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் விளக்க வரியையும் மாதிரிக்குக் கொடுத்து 500 முறை வரையச் செய்தார்கள். அவற்றில் நூறை ஒட்டிய எண்ணிக்கையிலான படங்கள் ஏறக்குறைய அச்சு அசலாக வெளியே வந்தன. மிகச் சில என்பது உண்மை. ஆனால் ஒரே படம் பல தளங்களில் மறுபதிவாகியிருந்தால், மாதிரி அதை மனப்பாடம் செய்துவிடக்கூடும்.

மனப்பாடம் செய்த மாதிரி ஒரு பிரதியா என்பதில் நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. 2025 நவம்பரில், புகைப்பட நிறுவனமான கெட்டி தொடுத்த வழக்கில், படங்களைச் சேமித்து வைக்காத மாதிரி சட்டவிரோதப் பிரதி ஆகாது என்றது லண்டன் உயர் நீதிமன்றம். ஒரே வாரத்தில் மியூனிக் நீதிமன்றம், பாடல் வரிகளை மனப்பாடமாக வைத்திருக்கும் மாதிரி பிரதிதான் என்றது.

நண்பரின் கேள்விக்கு நேரான பதில் 2025 ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வந்தது. ஒரே மத்திய நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், இரண்டு நாள் இடைவெளியில், எழுத்தாளர்களின் வழக்குகளில் தீர்ப்பளித்தார்கள். நூல்களைக் கொண்டு மாதிரியைப் பயிற்றுவிப்பது முற்றிலும் வேறொரு நோக்கத்துக்கான பயன்பாடு, அதனால் அனுமதி பெறாமலே செய்யச் சட்டம் இடம்தரும் நியாயமான பயன்பாடே என்றார் அவர்களில் ஒருவரான அல்சப். பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்றாக எழுதக் கற்றுக்கொடுத்தால் போட்டி நூல்கள் பெருகும் என்று யாரும் புகார் செய்வதில்லையே என்பது அவர் வாதம். மெட்டா வழக்கை விசாரித்த சாப்ரியா இந்த ஒப்புமையை ஏற்கவில்லை. ஒரு மாணவர் எழுதும் அளவு வேறு. ஒரு கருவி நொடிப் பொழுதில் கணக்கற்ற போட்டிப் படைப்புகளை உருவாக்கிச் சந்தையை நிரப்புவது வேறு என்றார். ஆயினும் வழக்கில் வென்றது மெட்டாதான். சந்தை பாதிக்கப்பட்டதற்கு எழுத்தாளர்கள் உருப்படியான சான்று தரவில்லை.

நான் சாப்ரியாவின் பக்கம். கற்பவர் பார்க்கிறார், நினைவில் கொள்கிறார், மறக்கிறார். பயிற்சியோ கோப்பை முழுமையாகப் பதிவிறக்குவதில் தொடங்குகிறது. நீங்கள் பார்த்த தொகுப்பு லாயன் என்ற பயிற்சித் தொகுப்பைப் போன்றது என்றால், அதில் இருப்பவை படங்களின் இணைய முகவரிகளும் விளக்க வரிகளும்தான். படத்தைப் பிரதி எடுப்பவர் பயிற்சி தருபவர். அதன் பிறகு உங்கள் பெயரைச் சொல்லி உங்கள் பாணியில் படம் கேட்பவர் உங்களிடமே வந்திருக்கக்கூடிய வாடிக்கையாளர். இந்த இழப்பை "கற்றல்" என்ற சொல்லால் மூடிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆனால் இன்றுவரை பெரும் பணத்தைப் பெற்றுத் தந்தது இந்த வாதம் அல்ல. அல்சப் விசாரித்த வழக்கில் ஆந்த்ரோபிக் நிறுவனம் விலைக்கு வாங்கி ஸ்கேன் செய்த நூல்கள் தப்பின. திருட்டுத் தளங்களிலிருந்து இறக்கிச் சேமித்த 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் தப்பவில்லை. அது 150 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது; ஒரு நூலுக்குச் சுமார் 3,000 டாலர். அதுவும் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்துக்குள் பதிவான நூல்களுக்கு மட்டும்.

ஆகவே "திருட்டா?" என்று பொதுவாகக் கேட்டால் சட்டத்தில் விடை கிடைக்காது. அந்த நாற்பதில் அதிகம் மறுபதிவானவற்றை முதலில் எடுங்கள். ஒவ்வொன்றின் விளக்க வரியையும் அப்படியே மாதிரிக்குக் கொடுத்துப் பலமுறை வரையச் செய்யுங்கள். பாணி ஒத்திருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். அதே கட்டமைப்பு, நீங்கள் கைதவறி விட்ட அதே பிழை, சிதைந்த வடிவில் உங்கள் கையொப்பம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தேதியோடு சேமியுங்கள், மூலக் கோப்புகளையும் உடன் வையுங்கள். உங்கள் பாணியில் ஏஐ படம் வாங்கிக்கொண்டதாகச் சொல்லி விலகிய வாடிக்கையாளரின் மின்னஞ்சல் ஒன்று இருந்தாலும் அழித்துவிடாதீர்கள். மெட்டா வழக்கில் எழுத்தாளர்கள் காட்டத் தவறியது அதைப் போன்ற சான்றைத்தான்.