ஈரக்காற்று உள்ள இடத்துக்கு எந்த டவல்?

கேள்வி: வருடம் முழுவதும் காற்றில் ஈரம் நிற்கும் இடத்தில் இருக்கிறோம். தடிமனான டவல் காயவே மாட்டேன் என்கிறது, நாற்றம் வருகிறது. மெல்லியது தண்ணீரை இழுப்பதில்லை, சாயமும் போகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: 400 ஜிஎஸ்எம்மை ஒட்டிய, முழுப் பருத்தி டர்க்கி டவலை வாங்குங்கள். ஒரு டவல் ஆலையின் தரச் சோதனைக் கூடத்தில் சில வருடம் வேலை பார்த்தவன் நான். 600, 700 என்று தடிமனானவற்றைத் தினமும் தொட்டுப் பார்த்த பிறகும் என் வீட்டுக் கொடியில் தொங்குவது இந்த நடுத்தர ரகம்தான்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். அட்டையில் போட்டிருப்பதை நம்ப வேண்டியதில்லை, சமையலறைத் தராசு போதும். 70 செ.மீ. அகலம், 140 செ.மீ. நீளமுள்ள டவலின் பரப்பு 0.98 சதுர மீட்டர். அதாவது தராசு காட்டும் எடையே ஏறக்குறைய அதன் ஜிஎஸ்எம். வேறு அளவாக இருந்தால் எடையைப் பரப்பால் வகுத்துக்கொள்ளுங்கள்: 60க்கு 120 அளவில் 290 கிராம் இருந்தால், 290ஐ 0.72ஆல் வகுக்க 403 வரும்.

ஒரு மழைக்காலத்தில் 620 கிராம் டவல் ஒன்றையும் 410 கிராம் டவல் ஒன்றையும் அடுத்தடுத்த நாட்களில் பயன்படுத்தி எடை போட்டேன். குளித்துத் துவட்டியதும் இரண்டிலும் ஏறியது 80 கிராம் அளவு தண்ணீர்தான். காலையில் ஒரே கம்பியில் போட்டேன். மெல்லியது மதியத்துக்குள் பழைய எடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. தடித்ததில் மாலை ஆறு மணிக்கும் 35 கிராம் மிச்சம் இருந்தது. அடர்ந்த நூல் வளையங்களின் அடியில் இறங்கிய ஈரத்துக்குக் காற்று எட்டுவதில்லை. ஈரம் அப்படி மணிக்கணக்கில் தங்கும்போது நம் தோலிலிருந்து ஒட்டிய அழுக்கைத் தின்று பாக்டீரியா பெருகுகிறது. நீங்கள் சொல்லும் நாற்றம் அதன் கழிவுதான். துவைத்தால் போய்விட்டு, மறுபடி நனைந்ததும் திரும்பி வந்தால், காரணம் சோப்பு அல்ல, காயும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெல்லியது தண்ணீரை இழுப்பதில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் அது எடையின் குற்றமில்லை. கடையில் கை வைத்ததும் வழுவழுவென்று இருக்க, ஆலையிலேயே கடைசியில் மென்மையூட்டி ஏற்றிவிடுவோம், பல நேரம் சிலிக்கோன் வகை. அந்தப் படலம் தண்ணீரைத் தள்ளும். வாங்கியதும் மென்மையூட்டி சேர்க்காமல் வெந்நீரில் இரண்டு மூன்று முறை துவையுங்கள். பிறகு டவலை விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் மறைந்தால் நல்லது. முத்துப்போல உருண்டு நின்றால் படலம் இன்னும் போகவில்லை, அல்லது பாலியஸ்டர் கலந்திருக்கிறது. கலப்பு டவல் சீக்கிரம் காயும் என்பது உண்மை. ஆனால் உடம்பில் உள்ள தண்ணீரை இங்கிருந்து அங்கே தள்ளிக்கொண்டிருக்கும், எனக்குப் பிடிக்காது.

சாயத்துக்கு நாங்கள் கூடத்தில் செய்ததன் எளிய வடிவம் இது: வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, விரலில் சுற்றி, டவலின் ஓரத்தில் அழுத்திப் பத்து முறை தேயுங்கள். முதல் முறை துவைப்பதற்கு முன் லேசாக ஒட்டினால் கவலை இல்லை, அது நூலோடு பிணையாமல் மேலே தங்கிய மிச்சச் சாயம். மூன்றாவது துவையலுக்குப் பிறகும் துணியில் நிறம் தெரிந்தால், சாயமேற்றியபின் ஆலையில் சரியாக அலசவில்லை என்று பொருள். கருநீலம், மெரூன் போன்ற அடர் நிறங்களுக்குச் சாயம் அதிகம் தேவைப்படுவதால் மிச்சமும் அதிகம். அதனால் நடுத்தர நிறமே பாதுகாப்பு. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். சாயத்தொட்டியில் உப்பு சாயத்தை நூலின் பக்கம் தள்ளத்தான் உதவுகிறது, பிணைப்பது காரம். அந்தக் கட்டம் ஆலையிலேயே முடிந்துவிட்டது. வீட்டில் போடும் உப்பால் ஒன்றும் ஆகாது.

புழுக்கமான இடத்தில் சாயம் ஒட்டுவது துவைக்கும்போது மட்டுமல்ல. ஈரமான கருநீல டவலைக் கூடையில் வெளிர்நிறத் துணி மேல் போட்டு ஓர் இரவு விட்டால் போதும், மடிப்பின் வடிவத்திலேயே கறை விழுந்திருக்கும். துவைக்கும் நாள் வரை அதைக் கூடையில் போடாமல் கம்பியிலேயே தொங்கவிடுங்கள்.