அந்தரா ஊசியை எப்போது நிறுத்துவது?

"காரைக்குடி. இரண்டு வருஷமாக அந்தரா கருத்தடை ஊசி. அடுத்த வருஷக் கடைசியில் கர்ப்பமாக வேண்டும். எப்போது நிறுத்தணும்? எலும்பு தேயுமா?"

தங்கச்சி, கடைசி ஊசியிலிருந்து கணக்குப் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இது. ஆனால் மருந்து தசையிலிருந்து மெல்லத்தான் கரையும். ஜனவரியில் கடைசி ஊசி என்றால் ஏப்ரலில் அடுத்ததைப் போடாதீர்கள். கரு தங்க, கடைசி ஊசியிலிருந்து சராசரியாக 7 முதல் 10 மாதம், அதாவது ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை ஆகும். சிலருக்கு ஒரு வருஷத்தையும் தாண்டும். அதுவரை மாதவிடாய் வராவிட்டால், "ஊசி கருப்பையைக் கெடுத்துவிட்டது" என்று வீட்டில் ஆச்சி சொல்லக்கூடும். அது உண்மையில்லை, தாமதம் மட்டுமே. மாதவிடாய் திரும்பும் முன்பே கரு தங்கவும் வாய்ப்புண்டு. வாந்தி, மயக்கம் வந்தால் சோதித்துப் பாருங்கள்.

எலும்பு? ஊசி ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பதால் அடர்த்தி கொஞ்சம் இறங்கும், நிறுத்தியதும் பெரும்பாலும் மீளும். இரண்டு வருஷம் தாண்டினால் தொடரலாமா என்று மருத்துவரிடம் பேசுங்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் கட்டாயமாக.