கவர் சமனிலி போட்டும் எல்பி வரம்பு ஏன் அசையவில்லை?

“நாப்சாக் கட்டுப்பாட்டுக்கு ஒரு கவர் சமனிலி சேர்த்தேன். எல்பி வரம்பு கொஞ்சம்கூட இறங்கிய மாதிரி தெரியவில்லை. நான் எங்கே தப்பு செய்கிறேன்?”

தப்பு எதுவும் இல்லை, வேலை பாதியில் நிற்கிறது. ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். எல்லா மாறிகளும் 0 அல்லது 1.

```
max 14x1 + 11x2 + 9x3 + 8x4
    9x1 + 6x2 + 5x3 + 5x4 <= 13
```

முழுஎண் விடை 20. x2, x3 இரண்டையும் எடுத்தால் எடை 11 ஆகிறது. x1-ஐ எடுத்தால் வேறு எதற்கும் இடமில்லை, 14-தான் கிடைக்கும். 0-1 நிபந்தனையைத் தளர்த்தினால் எல்பி x2 = x3 = 1, x4 = 0.4 என்று போய் 23.2 காட்டும்.

x2, x3, x4 மூன்றின் எடை 16. பையில் சேர்ந்து அடங்காது. இப்படி அடங்காத கூட்டம்தான் கவர். எந்த ஒன்றை நீக்கினாலும் மற்ற இரண்டும் அடங்கிவிடுவதால் இது சிறும கவர். ஆக x2 + x3 + x4 <= 2. எல்பி புள்ளியில் இடப்பக்கம் 2.4, எனவே அந்தப் புள்ளி வெட்டுப்படுகிறது. ஆனால் மறுபடி தீர்த்தால் 23.11 வருகிறது! எல்பி x4-ஐ விட்டுவிட்டு, மிச்சமிருக்கும் 2 அலகு இடத்தில் x1 = 2/9 என்று நுழைத்துவிட்டது. புதிய சமனிலியில் x1 இல்லவே இல்லை, அதுதான் ஓட்டை.

x1-இன் எடை கவரில் உள்ள எல்லாவற்றையும்விடப் பெரியது. அதனால் அதையும் குணகம் 1 போட்டுச் சேர்க்கலாம்: x1 + x2 + x3 + x4 <= 2. இதை விரிவாக்கிய கவர் என்பார்கள். வரம்பு 22.5 ஆகிறது. பரவாயில்லை, ஆனாலும் போதாது.

இப்போது லிஃப்டிங். x1 = 1 என்று வைத்தால் பையில் மிச்சம் 4. அதில் கவரிலிருந்து எத்தனை பொருள் வைக்க முடியும்? ஒன்றுகூட முடியாது. வலப்பக்கம் 2, வைக்க முடிந்தது 0. இந்த வித்தியாசம்தான் x1-க்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்சக் குணகம்:

```
2x1 + x2 + x3 + x4 <= 2
```

இதைச் சேர்த்துத் தீர்த்தால் எல்பி விடையே x2 = x3 = 1, மதிப்பு 20. கிளை பிரிக்கவே தேவையில்லை. அந்தச் சின்ன 2 செய்கிற வேலை எனக்கு இன்றும் பிடித்த விஷயம்.

கவருக்கு வெளியே பல மாறிகள் இருந்தால் ஒவ்வொன்றாக லிஃப்ட் செய்ய வேண்டும். அடுத்த மாறிக்குக் கணக்கிடும்போது ஏற்கெனவே சேர்த்தவற்றையும் அவற்றின் புதிய குணகத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். வரிசையை மாற்றினால் வேறு சமனிலி வரலாம், ஆனால் எல்லாமே செல்லுபடியாகும்.

அப்புறம் ஒன்று: கொள்ளளவோடு ஒப்பிட்டால் எல்லா எடைகளும் மிகச் சிறியதாக இருக்கும் கட்டுப்பாட்டில் கவர் நீளமாகிவிடும். ஐம்பது மாறிகளின் கூட்டல் 49-ஐத் தாண்டக்கூடாது என்று சொல்வதில் பெரிய இறுக்கம் கிடைக்காது. உங்கள் மாதிரியில் எடைகள் அப்படி இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், நீங்கள் சேர்த்த சமனிலியில் இல்லாத எந்த மாறி புதிய எல்பி விடையில் பின்னமாக முளைத்திருக்கிறது என்று தேடி, அதிலிருந்து லிஃப்டிங்கைத் தொடங்குங்கள்.