உங்கள் தொழில் கதையைப் பத்திரிகைக்கு எழுதுவது: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் பல வருடம் மின்னஞ்சல் பார்த்தவன் நான். கேளுங்கள்.

"கைதடியில் புழுக்கொடியல் செய்கிறேன். 'தரமான, சுத்தமான பாரம்பரிய உணவு வழங்கும் நிறுவனம்' என்று தொடங்கி அனுப்பினேன். பதிலே இல்லை, அண்ணை."

அக்கா, அந்த வரியை மிளகாய்த்தூள் விற்கிறவரும் அப்படியே போடலாம். விளம்பரம் என்று நினைத்து ஒதுக்கியிருப்பார்கள். உங்கள் கதை கடைசிப் பந்தியில் கிடக்கிறது. அதை மேலே கொண்டுவாருங்கள்:

பொருள்: பூஞ்சணம் பிடித்த 40 கிலோ கிழங்கில் தொடங்கிய கைதடி வீட்டுத் தொழில்

"முதல் வருடம் அவித்துக் காயவைத்த கிழங்கு மழையில் நனைந்து 40 கிலோவும் வீணானது. அடுத்த வருடம் கூரை போட்டுக் காயவைத்தேன். இப்போது நானும் அயலில் மூன்று பெண்களும் செய்கிறோம். இந்தத் தை மாதம் கிழங்கு கிண்டி அவிக்கும்போது வந்து பார்க்கலாம்."

பிறகு பெயர், ஊர், தொலைபேசி இலக்கம். இவ்வளவும் போதும். கடைசி வரிதான் நிருபரை வரவைக்கும், முற்றத்தில் பாய் நிறையக் கிழங்கு காய்வது நல்ல படம். வைகாசியில் அனுப்பினால் காட்ட உங்களிடம் பொதிகள் மட்டும்தான் இருக்கும்.

"உதயன், வலம்புரி என்று எல்லாருக்கும் ஒன்றாக அனுப்பினால் யாராவது போடுவார்கள்தானே?"

கண்காட்சி அறிவித்தல் என்றால் சரி. சொந்தக் கதையை அப்படி அனுப்பாதீர்கள். இரண்டு பத்திரிகையில் ஒரே வாரம் வந்தால் இரண்டு பேருக்கும் கோபம். ஒருவருக்கு அனுப்பி ஒரு கிழமை பாருங்கள், ஒரு தடவை தொலைபேசியில் கேளுங்கள், அப்புறம் அடுத்தவர்.

"நான் தையல் செய்கிறேன். கால் பக்கத்துக்கு எவ்வளவு காசு கேட்பார்கள்?"

நீங்கள் கேட்பது விளம்பரம், தங்கச்சி. அதை விளம்பரப் பிரிவில் கேட்க வேண்டும். கதைக்குக் காசு இல்லை, ஆனால் என்ன எழுதுவது என்பது அவர்கள் முடிவு. அந்த மின்னஞ்சலில் விலைப்பட்டியல் வைக்காதீர்கள்.

"பாமினியில் அடித்து அனுப்பினேன், ஒன்றும் விளங்கவில்லை என்றார்கள்."

அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் "நான்" என்பது `ehd;` என்றுதான் தெரியும். யூனிகோடில், மின்னஞ்சலுக்குள்ளேயே எழுதுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த பிரதியாக இல்லாமல், கைபேசியில் எடுத்த மூலப் படமாகவே இணையுங்கள். இரண்டு மூன்று போதும்.

"கணவர் போன பிறகுதான் தொடங்கினேன். அதை எழுதவா? பிள்ளைகள் வேண்டாம் என்கிறார்கள்."

எழுதினால் அதுவே தலைப்பாகலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கு முன் உங்களுக்குக் காட்டுவது வழக்கமில்லை. நான் என்றால் பிள்ளைகள் சொல்வதைக் கேட்பேன்.

"எனக்கு அதை எழுதியதால்தான் கூப்பிட்டார்கள், அண்ணை. கூழ் மா விற்கிறேன். கட்டுரை வந்த பிறகுதான் கடைக்காரர்களே தேடி வந்தார்கள்."

அதுவும் நடக்கிறதுதான். உங்கள் பிள்ளைகள் அப்போது சம்மதித்தார்களா, அக்கா?

"மூத்தவள் இன்னும் அந்தப் பேப்பரை எடுத்துப் பார்க்கவில்லை."