82 சதவீதமா, 67 சதவீதமா: கல்லூரி கேட்கும் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. மகளுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றில் 82 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது, மற்றதில் 67 சதவீதம்தான். அவளோ மெக்கானிக்கல்தான் படிப்பேன் என்கிறாள், அதுவும் இரண்டாவது கல்லூரியில். "இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது எப்படி விடுவது?" என்ற உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

துறைவாரி விவரம் உங்கள் கையில் இல்லை. அதனால் இப்படி இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கல்லூரியிலும் இறுதியாண்டில் ஆயிரம் மாணவர்கள். முதல் கல்லூரியில் 800 பேர் கம்ப்யூட்டர் சயின்ஸ், 200 பேர் மெக்கானிக்கல். கம்ப்யூட்டரில் 90 சதவீதம், அதாவது 720 பேருக்கு வேலை. மெக்கானிக்கலில் 50 சதவீதம், 100 பேருக்கு வேலை. கூட்டினால் 820. அதுதான் 82 சதவீதம்.

இரண்டாவது கல்லூரியில் 200 பேர்தான் கம்ப்யூட்டர், 800 பேர் மெக்கானிக்கல். கம்ப்யூட்டரில் 95 சதவீதம், 190 பேர். மெக்கானிக்கலில் 60 சதவீதம், 480 பேர். கூட்டினால் 670. அதுதான் 67 சதவீதம்.

இப்போது துறை துறையாகப் பாருங்கள். கம்ப்யூட்டரில் 90-க்கு எதிரே 95, மெக்கானிக்கலில் 50-க்கு எதிரே 60. இரண்டு துறையிலும் இரண்டாவது கல்லூரிதான் முன்னால் நிற்கிறது. ஆனால் மொத்தமாகக் கூட்டினால் 15 சதவீதம் பின்தங்கிவிடுகிறது. கணக்கில் தப்பு எதுவும் இல்லை. எளிதில் வேலை கிடைக்கும் துறையில் முதல் கல்லூரி நிறையப் பேரை வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த 82 கற்பித்தலைவிட மாணவர்கள் எந்தத் துறையில் குவிந்திருக்கிறார்கள் என்பதைத்தான் அதிகம் சொல்கிறது. இதைப் புள்ளியியலில் சிம்ப்சன் முரண்பாடு என்பார்கள். எட்வர்ட் சிம்ப்சன் 1951-இல் இதைப் பற்றி எழுதியதால் அந்தப் பெயர். அவருக்கு முன்பே 1903-இல் உட்னி யூல் இதைக் கவனித்திருக்கிறார்.

இது கற்பனைக் கணக்கில் மட்டும் வரும் விஷயம் இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1973-இல் முதுநிலைப் படிப்புகளுக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் 35 சதவீதம் பேருக்குத்தான். பார்த்தவுடன் பாரபட்சம் என்றே தோன்றும். பிக்கல், ஹாமெல், ஓ'கானல் மூவரும் துறைவாரியாகப் பிரித்துப் பார்த்து 1975-இல் வெளியிட்ட கட்டுரையில் வேறு படம் தெரிந்தது. மிகப் பெரிய ஆறு துறைகளில் நான்கில் பெண்களின் சதவீதம்தான் கூடுதல். ஒரு துறையில் ஆண்களுக்கு 62, பெண்களுக்கு 82. ஆனால் அந்தத் துறைக்கு 825 ஆண்கள் விண்ணப்பித்தபோது பெண்கள் 108 பேர்தான். பெண்கள் அதிகம் போய் நின்றது யாருக்குமே இடம் கிடைப்பது கடினமான துறைகளின் வாசலில். மொத்த எண்ணை அதுதான் கீழே இழுத்தது.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்துப் பார்த்தால் போதுமா? இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். கல்லூரியில் சேருவதற்கு முன்பே அமைந்துவிட்ட விஷயங்களால் பிரிக்கலாம்: தேர்ந்தெடுத்த துறை, சேரும்போது இருந்த மதிப்பெண் போன்றவை. சேர்ந்த பிறகு அந்தக் கல்லூரியே உண்டாக்கியதால் பிரிக்கக் கூடாது. "அரியர் இல்லாதவர்களில் 95 சதவீதம் பேருக்கு வேலை" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் யோசியுங்கள். சரியாகச் சொல்லிக்கொடுக்காததால் பாதிப் பேருக்கு அரியர் விழுந்திருந்தால், அந்தப் பாதியைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டு மீதியைக் காட்டுகிறார்கள். கல்லூரியின் குறையே அதன் சதவீதத்தை உயர்த்திவிடும். "வேலைக்குப் பதிவு செய்தவர்களில்" என்ற சொல்லும் இதே வேலையைச் செய்யும்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் இளைய மகனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதிக மாணவர்கள் பயிற்சி மையத்துக்குப் போகும் மாவட்டங்களில் நுழைவுத் தேர்வுத் தேர்ச்சியும் அதிகமாக இருக்கிறது, அப்படியானால் அவனையும் சேர்த்துவிடலாமா என்று. இது வேறு வகைச் சிக்கல். எக்கலாஜிக்கல் ஃபாலஸி என்பார்கள்: குழுக்களுக்கு இடையே தெரியும் தொடர்பை ஒரு தனி மனிதருக்கு அப்படியே பொருத்திவிடுவது.

இதைச் சமூகவியலாளர் வில்லியம் ராபின்சன் 1950-இல் அழுத்தமாகக் காட்டினார். அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதை -1 முதல் +1 வரை சொல்லும் தொடர்புக் கெழு ஏறக்குறைய -0.53. ஒன்று கூடும்போது மற்றது குறைகிறது என்பதைத்தான் அந்தக் கழித்தல் குறி சொல்கிறது. அப்படியானால் வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் படித்தவர்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தனி மனிதர்களை எடுத்துக் கணக்கிட்டபோது கெழு +0.12. அதாவது வெளிநாட்டில் பிறந்தவர்களிடையேதான் எழுத்தறிவின்மை சற்று அதிகம். குடியேறியவர்கள் எழுத்தறிவு ஏற்கெனவே மேலோங்கியிருந்த மாநிலங்களில் போய்க் குடியேறியதே காரணம். மாநிலத்தின் எண்ணைத் தூக்கி நிறுத்தியது பக்கத்து வீட்டுக்காரர்கள்.

உங்கள் மாவட்டக் கணக்கிலும் இது நடக்கலாம். பயிற்சி மையங்கள் வசதியுள்ள, நல்ல பள்ளிகள் நிறைந்த ஊர்களில்தான் திறக்கப்படும். அங்கே தேர்ச்சி பெற்றவர்களில் எத்தனை பேர் மையத்துக்குப் போனவர்கள் என்பது மாவட்டச் சதவீதத்தில் எங்குமே இல்லை. போகாதவர்களே அதிகம் தேறியிருந்தாலும் அந்தச் சதவீதம் மாறாது. பயிற்சி பயனற்றது என்று நான் சொல்லவரவில்லை. அந்தத் தகவலிலிருந்து அது தெரியாது, அவ்வளவுதான். தெரிய வேண்டுமென்றால் மையத்திடம் இதைக் கேளுங்கள்: சேரும்போது மகனைப் போன்ற மதிப்பெண்ணோடு இருந்த மாணவர்கள் எத்தனை பேர், நடுவில் நின்றவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவர்களில் எத்தனை பேர் தேறினார்கள்? தேறியவர்களின் புகைப்படம் மட்டும் ஒட்டியிருந்தால் அது பதில் ஆகாது.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கல்லூரியிலும் மெக்கானிக்கலுக்கு மட்டும் கடந்த மூன்று ஆண்டு விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலாண்டில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் வேலை பெற்றவர்கள் எத்தனை பேர் என்று சதவீதமாக வேண்டாம், எண்ணாகவே கேளுங்கள். இருபது பேர் உள்ள துறையில் ஒரே ஒரு மாணவர் 5 சதவீதத்தை மாற்றிவிடுவார் என்பதால் ஓராண்டுக் கணக்கை நம்ப முடியாது. அந்தத் துறையில் சேர்ந்தவர்களின் மதிப்பெண் வீச்சையும் கேளுங்கள். ஒரு கல்லூரி ஏற்கெனவே முன்னணியில் இருப்பவர்களை மட்டும் சேர்த்தால் அதன் 60-ம் இன்னொன்றின் 60-ம் ஒன்றல்ல.

இவ்வளவும் கிடைத்த பிறகும், 60 சதவீதம் என்பது உங்கள் மகளின் வாய்ப்பு 60 சதவீதம் என்று ஆகிவிடாது. அவளைப் போன்ற மதிப்பெண்ணோடு சேர்ந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் அவளுக்கு நெருக்கமான எண். அந்த விவரத்தைத் தர மறுக்கும் கல்லூரி எது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் கைக்கு வந்ததும் அனுப்புங்கள், உட்கார்ந்து பிரித்துப் பார்ப்போம். அதுவரை முன்பணம் எதுவும் கட்டிவிட வேண்டாம்.