ஒரே முகவரியில் இரண்டு சென்சார்: கடைக்காரர் சொல்லாமல் விட்டது

"அண்ணாச்சி, சேரன்மகாதேவியில் வீட்டுக்குப் பின்னால் சிப்பிக்காளான் ஷெட் போட்டிருக்கிறேன். இஎஸ்பி32 போர்டில் பிஎம்இ280 சென்சார் இரண்டு (ஷெட்டுக்குள் ஒன்று, 4 மீட்டர் தள்ளி வெளியே ஒன்று), டிஎஸ்3231 கடிகார மாட்யூல், சின்ன ஓஎல்இடி எல்லாவற்றையும் ஒரே எஸ்டிஏ, எஸ்சிஎல் வயரில் மாட்டப் போகிறேன். அட்ரஸ் தானாகவே வேறு வேறாகிவிடும், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு போட்டால் போதும், கடிகாரத்துக்கு 5 வோல்ட் கொடு என்று கடையில் சொன்னார்கள். சரியாக வருமா?"

தம்பி, அவர்கள் சொன்னபடி மாட்டினால் வராது. இரண்டு இடத்தில் மாற்றினால் வரும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

முதலில் அட்ரஸ். அது தானாக மாறவே மாறாது. பிஎம்இ280 சிப்புக்கு இரண்டே அட்ரஸ்தான் உண்டு: 0x76, 0x77. எது என்பதை எஸ்டிஓ என்ற கால் முடிவு செய்கிறது. அந்தக் கால் கிரவுண்டில் இருந்தால் 0x76, 3.3 வோல்ட்டில் இருந்தால் 0x77. ஆறு கால் உள்ள சின்ன போர்டில் எஸ்டிஓ ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்குப் போயிருக்கும். அதனால் கடையில் வாங்கும் இரண்டும் 0x76 ஆகத்தான் வந்து நிற்கும். வெளியே வைக்கப் போகிற சென்சாரில் மட்டும் எஸ்டிஓ காலை 3.3 வோல்ட் காலோடு ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுங்கள், அது 0x77 ஆகிவிடும். 5 வோல்ட்டில் சேர்த்துவிடாதீர்கள், சிப் போய்விடும்.

மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் 'ஸ்கேன் பண்ணினேன், சென்சார் தெரிகிறது, அப்புறம் ஏன் வெப்பநிலை கண்டபடி வருகிறது' என்று எழுதுகிறவர்கள் நிறைய. இந்த இரண்டு வயரிலும் எந்தச் சிப்பும் மேலே தள்ளுவதில்லை. கிரவுண்டுக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், விட்டுவிட்டால் புல்-அப் ரெசிஸ்டர் வயரை மேலே கொண்டுவரும். ஆகவே இரண்டு சிப் ஒரே நேரத்தில் பேசினால், ஒன்று 1 சொல்லி இன்னொன்று 0 சொன்னால், வயரில் 0 தான் இருக்கும். ஒரு சென்சார் 01100101 அனுப்புகிறது, இன்னொன்று 01101010 அனுப்புகிறது என்று வையுங்கள். உங்கள் போர்டுக்கு வந்து சேர்வது 01100000. இரண்டு பேரும் சொல்லாத எண்.

இதில் மோசம் என்னவென்றால், நிரல் தொடங்கும்போது எந்தக் குறையும் சொல்லாது. லைப்ரரி முதலில் சிப்பின் அடையாள எண்ணைக் கேட்கும். பிஎம்இ280 எல்லாமே 0x60 என்று சொல்லும். இருவரும் ஒரே பதிலைச் சேர்ந்து சொல்வதால் பதில் சரியாகவே வரும். ஸ்கேனரும் 0x76 ஐ ஒரே ஒரு தடவை காட்டிவிட்டுப் போய்விடும். கோளாறு அளவீட்டில்தான் வெளியே வரும். ஒவ்வொரு சிப்புக்குள்ளும் தொழிற்சாலையில் எழுதிய திருத்த எண்கள் வேறு வேறு. அவையும் கலந்துவிடுவதால் வருகிற வெப்பநிலையை நம்ப முடியாது. ஆகவே ஸ்கேனர் ஒன்றைக் காட்டினால் ஒன்றுதான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் மாட்டியதை எண்ணிப் பார்த்து, அத்தனையும் திரையில் வருகிறதா என்று பாருங்கள்.

உங்கள் கணக்குக்கு ஐந்து வர வேண்டும். நான்கு மாட்யூல்தானே என்று திகைக்காதீர்கள். நீலப் போர்டில் வரும் கடிகார மாட்யூலில் 0x68 இல் கடிகாரமும், 0x57 இல் ஒரு சின்ன நினைவகச் சிப்பும் சேர்ந்தே இருக்கும். ஓஎல்இடி 0x3C. அதன் முதுகில் 0x78 என்று அச்சடித்திருப்பார்கள். அது இந்த 0x3C ஐயே ஒரு பிட் தள்ளி எழுதியது. அதை நிரலில் அப்படியே போட்டால் திரை எரியாது.

```
#include <Wire.h>
void setup() {
  Serial.begin(115200);
  Wire.begin(21, 22, 100000);
  for (int a = 8; a < 120; a++) {
    Wire.beginTransmission(a);
    if (Wire.endTransmission() == 0)
      Serial.printf("0x%02X\n", a);
  }
  for (int a = 0x76; a <= 0x77; a++) {
    Wire.beginTransmission(a);
    Wire.write(0xD0);
    Wire.endTransmission();
    Wire.requestFrom(a, 1);
    Serial.printf("0x%02X ID %02X\n", a, Wire.read());
  }
}
void loop() {}
```

முதல் பாதி 0x3C, 0x57, 0x68, 0x76, 0x77 என்று ஐந்து வரி காட்ட வேண்டும். இரண்டாவது பாதியை எதற்குச் சேர்த்தேன் என்றால், அங்கேதான் உங்கள் பணம் போகிறது. இரண்டு அட்ரஸிலும் ID 60 வர வேண்டும். 58 என்று வந்தால் உங்கள் கையில் இருப்பது பிஎம்பி280. அது வெப்பநிலையும் காற்றழுத்தமும் மட்டும் சொல்லும். ஈரப்பதம் அளக்கிற பாகமே அதற்குள் கிடையாது. காளானுக்கு நீங்கள் பார்க்க வேண்டியதே ஈரப்பதம்தான். எண்பதுக்குக் கீழே இறங்குகிறதா என்று தெரியாவிட்டால் இந்த ஏற்பாடு எதற்கு?

விலை குறைந்த பிஎம்பி280 ஐ பிஎம்இ280 என்று சொல்லி விற்பது இன்றைக்கு நேற்று நடப்பதல்ல. இரண்டுக்கும் ஒரே போர்டு, ஒரே அச்சு, 'பிஎம் இ/பி 280' என்று. எது ஒட்டியிருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. கல்லூரி மாணவர்களுக்கு இறுதியாண்டு ப்ராஜெக்டை 'கிட்' என்று பெட்டியில் போட்டு விற்கிற ப்ராஜெக்ட் சென்டர்கள் இன்னும் மோசம். ஈரப்பதம் 0 என்று வந்தால் நிரலில் 65 என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வைவா எடுக்கிறவரும் திரையில் எண் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் போடுகிறார். லேபில் இன்னமும் 8085 கிட்டில் இரண்டு எண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தால் வேறு எப்படி இருக்கும்! சரி, அதை விடுங்கள். சாலிடர் வைக்கும் முன்பே கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நடுவில் உள்ள பளபளப்பான உலோகச் சிப் சரியான சதுரமாக, பக்கத்துக்கு 2.5 மில்லிமீட்டர் இருந்தால் பிஎம்இ. ஒரு பக்கம் குறுகி 2 மில்லிமீட்டராக நீள்சதுரமாக இருந்தால் பிஎம்பி. சாலிடர் வைத்தபின் யாரும் திரும்ப வாங்கமாட்டார்கள், அதனால் கடையிலேயே பாருங்கள்.

இனி ரெசிஸ்டர். கடைக்காரர் சொன்ன இரண்டு 4.7 கிலோ ஓமும் வேண்டாம். உங்கள் மாட்யூல்கள் ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் ஏற்கெனவே புல்-அப் ஒட்டியிருக்கும், எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாகச் சேரும். பிஎம்இ போர்டுகளில் தலா 10 கிலோ ஓம், ஓஎல்இடியில் 10, கடிகாரத்தில் 4.7 என்று வைத்தால் மொத்தம் ஏறக்குறைய 2 கிலோ ஓம். ஒரு சிப் வயரைக் கீழே இழுக்கும்போது 3.3 வோல்ட்டை 2 கிலோ ஓமால் வகுத்தால் 1.7 மில்லி ஆம்பியர் போல வரும். சிப்கள் தாங்க வேண்டிய அளவு 3 மில்லி ஆம்பியர். அதாவது மொத்தம் 1 கிலோ ஓமுக்குக் கீழே போகக்கூடாது. உங்களுக்கு இடம் இருக்கிறது.

நான் சொன்னேன் என்று நம்ப வேண்டாம், அளந்துவிடுங்கள். இஎஸ்பி32 ஐக் கழற்றி, பவர் எதுவும் இல்லாமல், மற்ற நான்கையும் வயரில் வைத்து, மல்டிமீட்டரை ஓமில் போட்டு 3.3 வோல்ட் வயருக்கும் எஸ்டிஏவுக்கும் நடுவில் வையுங்கள். பிறகு எஸ்சிஎல். இரண்டிலும் 1.5 முதல் 4 கிலோ ஓம் வரை எது வந்தாலும் சரி. ஒன்றில் வந்து மற்றதில் வராவிட்டால் சாலிடர் சரியாகப் பிடிக்கவில்லை. பல பத்து கிலோ ஓம் காட்டினால்தான் நீங்களாக ரெசிஸ்டர் சேர்க்க வேண்டும். இஎஸ்பி32 க்குள்ளேயே புல்-அப் உண்டு என்று சிலர் சொல்வார்கள். அது 45 கிலோ ஓம் போல, இந்த நீளத்துக்கு உதவாது.

இரண்டாவது மாற்றம் கடிகாரத்தின் 5 வோல்ட். இதைக் கொஞ்சம் விடாமல் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மாட்யூலில் உள்ள 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் அதன் பவர் காலோடு கட்டப்பட்டவை. அந்தக் காலுக்கு 5 வோல்ட் கொடுத்தால், எஸ்டிஏவும் எஸ்சிஎல்லும் அந்த ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டை நோக்கி இழுக்கப்படும். இந்த வயர் எல்லோருக்கும் பொது. ஓஎல்இடிக்கும் சென்சாருக்கும் 3.3 கொடுத்துவிட்டேனே என்று நீங்கள் நிம்மதியாக இருந்தாலும், ஒரே ஒரு மாட்யூல் அத்தனை பேரின் காலையும் 3.3 க்கு மேலே தூக்கிவிடும். இஎஸ்பி32 இன் கால்களும் பிஎம்இ280 இன் கால்களும் 5 வோல்ட்டுக்கு ஆனவை அல்ல. உடனே புகை வராது, அதுதான் வம்பு. சில வாரம் ஓடும், அப்புறம் காரணம் தெரியாமல் ஒரு கால் செத்துப்போகும், சென்சார் மட்டம் என்று இன்னொன்று வாங்குவீர்கள். டிஎஸ்3231 சிப் 2.3 முதல் 5.5 வோல்ட் வரை எதிலும் ஓடும். ஆகவே 3.3 கொடுங்கள், ஒன்றும் குறையாது. இன்னொரு லாபமும் உண்டு. அந்த மாட்யூலில் ரீசார்ஜ் பேட்டரிக்கான சார்ஜிங் வழி இருக்கிறது, கடையில் போட்டுத் தருவதோ சாதாரண சிஆர்2032. 5 வோல்ட் கொடுத்தால் சார்ஜ் ஏற்றக்கூடாத பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும்.

பவர் போட்டபின், எதுவும் பேசாத நேரத்தில் எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டையும் கிரவுண்டுக்கு எதிராக அளங்கள். 3.3 க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதைத் தெளிவாகத் தாண்டினால் எங்கோ 5 வோல்ட் கலந்திருக்கிறது. பூஜ்யத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு மாட்யூலாகக் கழற்றிப் பாருங்கள்.

அந்த 4 மீட்டர் வயர். லேன் கேபிள் மீட்டருக்கு ஏறக்குறைய 50 பிகோஃபேரட், மாட்யூல்களையும் சேர்த்தால் மொத்தம் 250, 300. இதற்கு விதித்த உச்சம் 400. 2 கிலோ ஓமோடு இந்த அளவுக்கு வயர் மேலே எழ சுமார் அரை மைக்ரோ விநாடி ஆகும். 100 கிலோஹெர்ட்ஸுக்கு 1 மைக்ரோ விநாடி வரை அனுமதி உண்டு, 400 க்கு 0.3 தான். ஆகவே 100 இலேயே ஓட்டுங்கள். இதில் ஒரு கள்ளத்தனம்: ஓஎல்இடிக்கு எல்லோரும் போடுகிற `Adafruit_SSD1306` லைப்ரரி, திரைக்கு எழுதும் நேரத்தில் மட்டும் கேட்காமலே 400 க்கு ஏற்றிவிடும். சென்சார் சரியாக இருந்து திரையில் மட்டும் புள்ளி புள்ளியாக வந்தால் இதுதான் காரணம். கடைசி இரண்டு எண்ணைப் போட்டுக் கட்டிவிடுங்கள்:

```
Adafruit_SSD1306 display(128, 64, &Wire, -1, 100000, 100000);
```

லேன் கேபிளில் எஸ்டிஏவையும் எஸ்சிஎல்லையும் ஒரே முறுக்கு ஜோடியில் போடாதீர்கள். எஸ்டிஏ ஒரு ஜோடி, கூடவே கிரவுண்டு. எஸ்சிஎல் இன்னொரு ஜோடி, கூடவே 3.3. தண்ணீர் தெளிக்கிற மோட்டாரின் வயருக்கு ஒட்டி இழுக்காமல் ஒரு முழமாவது தள்ளிக் கொண்டுபோங்கள். நாளைக்கு இன்னொரு ஷெட் போட்டு இதையே 15 மீட்டருக்கு நீட்டலாம் என்று நினைத்தால், இந்த வயர் வேண்டாம், ஆர்எஸ்485 சென்சார் வாங்குங்கள்.